சோப்புக் காட்டு வடிகால்

அப்பா எங்களுக்கு விட்டுப் போன நிலத்தை ஊரில் எல்லோரும் 'சோப்புக் காடு' என்றுதான் சொல்வார்கள். மழை பெய்து ஓய்ந்ததும் அதில் கால் வைத்தால் சோப்புத் தண்ணீர் கொட்டிய தரை மாதிரி வழுக்கும். அதே மண் வெயிலில் காய்ந்தால் கடப்பாரை போட்டாலும் ணங்கென்று திருப்பி அடிக்கும். மேலே சாம்பல் தூவினாற்போல ஒரு வெள்ளைப் படிவு. தேங்கிய தண்ணீர் வாரக்கணக்கில் இறங்காமல் கலங்கலாகவே நிற்கும். அது வற்றும்போது ஓரத்தில் கறுப்பாய் ஒரு கறை படியும். அப்பா எள் போட்டார், சோளம் போட்டார், கடைசியில் கும்பிடு போட்டார். எதுவும் முளைக்கவில்லை.

சிறுவயதில் எங்களுக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. மழை நாளில் சாக்கை விரித்து அதில் உட்கார்ந்து சறுக்குவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அண்ணன், அவன் தங்கை நான், அண்ணனின் தோழன் நெட்டையன். நெட்டையனுடைய அப்பாவின் நிலம் எங்கள் நிலத்துக்குக் கீழே, சரிவில் இருந்தது. சறுக்கி விழுந்தால் பாதி உடம்பு எங்கள் நிலத்திலும் பாதி உடம்பு அவர்கள் நிலத்திலும் கிடக்கும். அம்மா துணி துவைக்கும்போது, "இந்த மண்ண அள்ளிட்டு வந்தாலே துணி வெளுத்துடும், எதுக்குத் தனியா சோப்பு?" என்று அலுத்துக்கொள்வாள். அவள் சொன்னது வேடிக்கையில்லை, அறிவியல்தான், அந்த மண்ணில் சலவைச் சோடா இருக்கிறது என்பது மண் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அண்ணனும் நெட்டையனும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். ஒரு கோடையில் திடீரென்று பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, போ" என்பான் அண்ணன். நான் அப்போதுதான் படிப்பை முடித்து வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் சண்டை, நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். பிறகு அண்ணன் நகரத்துக்குப் போய் அடுக்குமாடிகளில் மின்தூக்கி பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்தான். நெட்டையன் பொக்லைன் எந்திரம் ஓட்டக் கற்றுக்கொண்டு, சொந்தமாக ஒன்று வாங்கி, கல்யாணமும் செய்துகொண்டான். கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து அம்மா மட்டும் போய் வந்தாள்.

அம்மாவும் இறந்துபோன பிறகு ஒரு நாள் அண்ணன் ஒரு பையோடு என் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் வந்து நின்றான். தோளில் இன்னொரு பை. அதில் அவனுடைய துணிமணி முழுவதும்.

"வேலைய விட்டுட்டேன்" என்றான். "வாழ்க்க பூரா மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருந்தாச்சு. இனி ஒரே எடத்துல நிக்கணும்."

"எங்க நிக்கப் போற?"

கையிலிருந்த பையை மேசை மேல் வைத்தான். உள்ளே மண். சோப்புக் காட்டு மண் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"எங்கேருந்து எடுத்த?"

"நம்ம நிலத்துலேருந்துதான். வேற எங்க?"

"நிலத்துல எங்கேருந்து?"

"வழில கிடந்துச்சு, அள்ளிட்டு வந்தேன்."

"அண்ணா, மேல இருக்கற வெள்ளையத் தட்டிக்கிட்டு வந்து குடுத்தா நான் என்னத்தச் சொல்லுவேன்? பல எடத்துல, ஆழம் வாரியா எடுக்கணும்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போய், இரண்டு நாள் கழித்து நான் சொன்னபடி பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொன்றிலும் எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று பென்சிலில் எழுதியிருந்தான். மின்தூக்கிக்காரன் அல்லவா, அளவு பிசகாது.

எங்கள் கூடம் ஒன்றும் பெரிய மாளிகை இல்லை. ஒரு நீள அறை, ஜன்னல் ஓரமாகக் கழுவும் தொட்டி, பழுப்பு நிறப் புட்டிகள், குடுவைகளை ஆட்டித் தரும் ஒரு பழைய குலுக்கி எந்திரம். அது ஓடும்போது சுவர்கள்கூடச் சேர்ந்து ஆடும். இப்போதும் எங்காவது அப்படி ஒரு சத்தம் கேட்டால் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வருகிறது. ஈர வடிதாளின் வாசனை, ஜன்னல் வழியே சாய்ந்து விழும் பிற்பகல் வெளிச்சம், ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கும் அண்ணன்.

முதலில் அவனுக்கு ஒரு வேடிக்கை காட்டினேன். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் அவன் மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி ஜிப்சம் தூளைப் போட்டுக் கலக்கி வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், ஜிப்சம் போட்ட குவளையில் மண் திரிதிரியாகச் சேர்ந்து அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. மற்றொன்று அப்படியே பால் விட்ட காப்பி மாதிரி நின்றது.

அண்ணன் குவளைக்கு முன்னால் முகத்தைக் கொண்டுபோய் உற்றுப் பார்த்தான். "என்ன மந்திரம் போட்ட?"

"மந்திரமும் இல்ல, தந்திரமும் இல்ல. களிமண் துகள் ஒவ்வொண்ணும் தன் மேல எதிர் மின்சாரத்தோட இருக்கு. அதனால நேர் மின்சாரம் உள்ளது அதுல போய் ஒட்டிக்கும். நம்ம நிலத்துல ஒட்டியிருக்கறது சோடியம். சோடியத்துக்கு ஒரு மின்சாரம்தான், பிடிப்பு பத்தாது. ஈரம் பட்டா தன்னச் சுத்திப் பெரிசா தண்ணிய இழுத்துப் போத்திக்கிட்டு நிக்கும். அதனால துகளும் துகளும் கிட்ட வர முடியாம விலகி விலகித் தண்ணில மெதக்குது. அந்தத் தூசியெல்லாம் போய் மண்ணுல இருக்கற சந்து பொந்த அடச்சிடும். அப்புறம் தண்ணி எப்படி எறங்கும், வேர் எப்படி மூச்சு விடும்?"

"சரி, இந்த மாவு என்ன பண்ணுது?"

"ஜிப்சத்துல கால்சியம் இருக்கு. கால்சியத்துக்கு ரெண்டு மின்சாரம். தண்ணில கரஞ்சு போய், களிமண்ணுல ஒட்டியிருக்கற சோடியத்துல ரெண்டத் தள்ளிவிட்டு அந்த எடத்துல தான் ஒண்ணா உக்காந்துக்கும். துகள இறுக்கிப் பிடிச்சுப் பக்கத்துல பக்கத்துல சேர்த்து வச்சிரும். மண்ணு பொலபொலன்னு ஆயிடும்."

அவன் யோசித்தான். "நம்ம நிலத்துல தோண்டினா சுண்ணாம்புக் கட்டி கட்டியா வருதே. அதுல கால்சியம் இல்லையா?"

நல்ல கேள்வி. "இருக்கு. ஆனா அந்த மண்ணோட காரத்துல அது கரையாது. பூட்டின பானைக்குள்ள சோறு இருந்தா பசி தீருமா?"

பிறகு அளவு பார்த்தோம். மண்ணை ஜிப்சம் கரைந்த தண்ணீரோடு சேர்த்துக் குலுக்கி, வடிகட்டி, அந்தத் தண்ணீரில் கால்சியம் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது. குறைந்துபோனது எவ்வளவோ, அவ்வளவும் களிமண் பிடுங்கிக்கொண்டது என்று கணக்கு. குடுவையில் நிறக்காட்டி போட்டதும் திராட்சைச் சாறு மாதிரி சிவப்பாகும். மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் திரவம் விழ விழ, ஒரு சொட்டில் சட்டென்று நீலமாகும். அந்தச் சொட்டு எப்போது விழும் என்று அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். நீலமானதும், கால்பந்தில் கோல் போட்டதுபோல ஸ்டூலிலிருந்து குதித்தான்.

"நம்ம மண்ணுக்கு இவ்ளோ பசியா?" என்றான், நான் அளவைச் சொன்னபோது. எங்கள் கூடத்துக்கு வந்ததிலேயே பெரிய அளவுகளில் அதுவும் ஒன்று.

"இன்னொண்ணு இருக்கு. அதக் கேட்டுட்டுக் குதி" என்றேன். "தள்ளிவிட்ட சோடியம் எங்க போகும்? சல்ஃபேட்டோட சேர்ந்து தண்ணில கரஞ்சு நிக்கும். அந்தத் தண்ணிய வெளிய அனுப்பணும். வடிகால் வேணும். வடிகால் இல்லாம ஜிப்சம் போட்டா, வீட்டக் கூட்டிக் குப்பையக் கட்டிலுக்கு அடியில தள்ளின கதைதான்."

"வடிகால் எந்தப் பக்கம்?"

"சரிவு எந்தப் பக்கம்?"

அவன் முகம் மாறியது. சரிவு நெட்டையன் நிலத்தின் பக்கம். அதைத் தாண்டித்தான் பொது ஓடை.

"அது ஆகாது" என்றான். "அவன் வாசல்ல நான் போய் நிக்க மாட்டேன்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நிலத்தைச் சமப்படுத்தி, வரப்பு கட்டி, ஜிப்சத்தைக் கொட்டித் தானே கையால் வீசினான். நான் விடுமுறை நாட்களில் போவேன். இருவரும் மாவு மில்லில் வேலை செய்பவர்கள் மாதிரி இமை முதல் கால்வரை வெள்ளையாக நிற்போம். மேல்மண்ணில் மட்டும் கலந்து உழுது, வாய்க்கால் தண்ணீரைக் கட்டினான். முதலில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா, உன் வடிகாலும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று தொலைபேசியில் கத்தினான்.

இறங்கிய தண்ணீர் அடியிலிருந்த கெட்டி மண்ணில் முட்டி அங்கேயே நின்றுவிட்டது. வெயில் ஏற ஏற அது மேலே ஏறி வந்தது. ஈரம் காற்றில் போனது. உப்பு நிலத்தில் நின்றது. நட்ட நாற்றுகளின் நுனி கருகி, பிறகு முழுவதும் வைக்கோல் நிறமாகிப் படுத்துவிட்டன. நான் போன அன்று அண்ணன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். எதிரில் நிலம் மறுபடியும் வெள்ளை.

"சொல்லு" என்றான். "சொன்னேனேன்னு சொல்லு. கேட்டுக்கறேன்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா வைத்த அதே பார்வையை அவன் அந்த நிலத்தின் மீது வைத்திருந்தான். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அன்று மாலையே, அவனிடம் சொல்லாமல், நெட்டையன் வீட்டுக்குப் போனேன்.

வீட்டு முற்றத்தில் பொக்லைன் நின்றது. அதன் நிழலில் வரிசை வரிசையாக நாற்றுத் தட்டுகள். நெட்டையனின் மனைவி நாற்றுப் பண்ணை வைத்திருந்தாள். ஊரில் தக்காளி, கத்தரி நட யாருக்கு நாற்று வேண்டுமானாலும் அவளிடம்தான் வருவார்கள். என்னைவிட ஓரிரு வயது மூத்தவள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் குழாயை அப்படியே போட்டாள்.

"மண்ணு பாக்கற தங்கச்சிதானே? வா வா. இவ்ளோ வருஷம் கழிச்சு வழி தெரிஞ்சுதா?"

நெட்டையன் உள்ளேயிருந்து வந்தான். தலை நிலைப்படியில் இடிக்காமல் இருக்கக் குனிந்து வரும் அதே குனிதல். காதோரம் நரைத்திருந்தது. "வா" என்றான். அண்ணனின் மற்ற தோழர்கள் எல்லோரும் என்னைத் 'தங்கச்சி' என்பார்கள். இவன் மட்டும் என்னை எந்த முறை வைத்தும் கூப்பிட மாட்டான் என்பது அன்றுதான் என் மனதில் பட்டது.

வந்த விஷயத்தைச் சொன்னேன். அவன் நாற்காலியில் சாய்ந்து கேட்டான்.

"அப்ப உங்க உப்ப என் நிலத்து வழியா விடணும்."

"உங்க நிலத்து மேல இல்ல. எல்லையோரமா, ரெண்டு நிலத்தையும் விட ஆழமா ஒரு வடிகால். கரை கட்டி. உங்க பயிர் மேல ஒரு சொட்டு ஏறாது. ஓடையில தண்ணி நிறைய ஓடற நாள்ல மட்டும்தான் திறப்போம், கீழ இருக்கறவங்களுக்கும் சங்கடம் இருக்காது."

"உங்க அண்ணன் ஏன் வரல?"

அவன் எழுந்து வெளியே போய், எந்திரத்தின் பல்லில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்ட ஆரம்பித்தான்.

அவன் மனைவி என்னை நாற்றுத் தட்டுகளுக்கு நடுவே அழைத்துப் போனாள். "நீ அவரு மூஞ்சியப் பாத்து பயப்படாத. உங்க அண்ணன் மேல கோவம், ஆனா உங்க நிலத்துல ஜிப்சம் கொட்டின அன்னிலேருந்து தெனமும் மாடியேறி நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. நாத்து கருகினப்ப ராத்திரி சாப்பிடல."

"எதுக்காகச் சண்டைன்னு எனக்குத் தெரியவே தெரியாதுக்கா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு; அதில் முள் இல்லை. "நிஜமாவே தெரியாதா? உன்னத்தான் கேட்டாரு. உங்க அண்ணன் குடுக்க மாட்டேன்னுட்டாரு. இவரு கல்யாணத்துக்கு முன்னாடியே என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'அந்தப் பொண்ணு தப்பிச்சா, நான் மாட்டிக்கிட்டேன்'னேன்."

எதையாவது பார்க்க வேண்டுமே என்று தட்டுகளைப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததால்தான் அது கண்ணில் பட்டது. நாற்றுத் தட்டு மண்ணின் மேல் மெல்லிய ஓடு. விரலால் கீறினேன், பொருக்காகப் பெயர்ந்தது.

"இதுக்கு எந்தத் தண்ணி விடறீங்க?"

"ஆழ்குழாய்த் தண்ணி. கொஞ்ச நாளா இப்படித்தான் பொருக்கு கட்டுது. விதை முட்டி மோதித்தான் வெளிய வருது. கீழ் வயல்லயும் தண்ணி முன்ன மாதிரி எறங்க மாட்டேங்குது."

"மண்ணும் தண்ணியும் கொஞ்சம் குடுங்கக்கா. பாத்துச் சொல்றேன்."

பார்த்தேன். எனக்கு இருந்த சந்தேகம் சரிதான். அவர்கள் நிலம் இன்னும் சோப்புக் காடு ஆகவில்லை. ஆனால் அந்த வழியில் நடக்க ஆரம்பித்திருந்தது. மறுபடி போனபோது இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன்.

"உங்க ஆழ்குழாய்த் தண்ணில சோடா உப்பு ஜாஸ்தி. அது மண்ணுல இருக்கற கால்சியத்தப் பிடிச்சு சுண்ணாம்பா உறைய வச்சிடுது. கால்சியம் ஒதுங்கினா சோடியம்தான் தனிக்காட்டு ராஜா. இப்பவே பாத்தா கொஞ்சம் ஜிப்சத்துலயே திருப்பிடலாம். தண்ணித் தொட்டிலயே ஜிப்சம் போட்டு அது மேல தண்ணிய ஓட விட்டாலும் உதவும். ஆனா உங்களுக்கும் வடிகால் வேணும்."

நெட்டையன் என்னையும் நாற்றுத் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தான். "வடிகால் வேணும்னு என்னச் சம்மதிக்க வைக்கறதுக்குச் சொல்லலியே?" என்றான்.

பதிலுக்கு அவன் மனைவி முந்திக்கொண்டாள். "பொய் சொல்ற மூஞ்சியா அது? என் தட்டு பொருக்கு கட்டறத நான் கண்ணால பாக்கறேன். எந்திரத்த எடுக்கறீங்களா, நானே ஏறி ஓட்டட்டுமா?"

அன்றிரவு அண்ணனிடம் சொன்னேன். வடிகாலைப் பற்றி மட்டுமில்லை, மற்றதையும். அவன் தட்டில் கை வைத்தபடியே இருந்தான்.

"ஏன் மாட்டேன்னு சொன்ன?"

"அவங்க அம்மா, மருமக வேலைக்குப் போகக் கூடாதுன்னாங்க. அவன் அம்மாவ எதிர்த்துப் பேச மாட்டான், அப்ப. நீ அந்த வேலைக்காக எப்படிக் காத்துக்கிட்டு இருந்தன்னு எனக்குத் தெரியும்."

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா நீ சரின்னு சொல்லியிருப்பியோன்னுதான் கேக்கல."

நான் என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தது. நெட்டையனைக் கட்டிக்கொள்ள முடியாமல் போனதற்காக இல்லை. என் பங்குக்கு யோசிக்கும் வேலையை எனக்குத் தெரியாமலே இன்னொருவர் செய்து முடித்துவிட்டதற்காக. சரி என்று சொல்லியிருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நீள அறையும் குலுக்கி எந்திரமும் இல்லாத ஒரு வாழ்க்கையை நினைத்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. ஆனால் நான்தான் அதை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். காலையில் அதை அப்படியே அவனிடம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான்" என்றான். என் அண்ணன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வடிகால் வெட்டிய நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். நெட்டையன் எந்திரத்தின் மேலே. அண்ணன் கீழே, மட்டம் பார்க்கும் குழாயும் கயிறும் வைத்துக்கொண்டு. இருவரும் நேராகப் பேசவில்லை. அண்ணன் என்னிடம் சொல்வான்: "இன்னும் ஒரு சாண் ஆழம் போகச் சொல்லு." நெட்டையன் தன் மனைவியிடம் சொல்வான்: "இதுக்கு மேல போனா கரை சரிஞ்சுரும்னு சொல்லு." நாங்கள் இரண்டு பெண்களும் டீ வாளியோடு நடுவில் நின்று தபால் பட்டுவாடா செய்தோம்.

கொஞ்ச நேரத்தில் எந்திரத்தின் கை ஒரு சுண்ணாம்புப் பாறையில் மாட்டிக்கொண்டது. நெட்டையன் இழுத்தான், தள்ளினான், எந்திரம் முன்பக்கம் தூக்கியது.

"டேய், நிறுத்துடா! கவுந்துடுவ!" என்று அண்ணன் கத்தினான்.

"எனக்குத் தெரியும்டா, மூடு! மின்தூக்கி இல்ல இது!"

"தெரிஞ்சாத்தான் இப்படி இழுப்பியா? பக்கவாட்டுல நெம்புடா, மடையா!"

நெட்டையன் பக்கவாட்டில் நெம்பினான். பாறை பெயர்ந்து வந்தது. அப்புறம்தான் இருவருக்கும் தாங்கள் பேசிவிட்டது உறைத்தது. இருவரும் வேறு வேறு திசையைப் பார்த்தார்கள். நெட்டையன் மனைவி என் இடுப்பில் இடித்து, "அப்பாடா, நம்ம வேலை போச்சு" என்றாள். அதன் பிறகு அவர்களுடைய சத்தம் ஓயவே இல்லை. ஏசிக்கொண்டே வேலை செய்தார்கள்.

நிலத்து மண்ணை மறுபடி பரிசோதித்தேன். முதல் தடவை போட்டது வீணாகவில்லை. கால்சியம் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருந்தது. வெளியேற வழியில்லாத சோடியம்தான் திரும்ப வந்து நெருக்கிக்கொண்டிருந்தது. குறைவைக் கணக்குப் போட்டு இன்னும் கொஞ்சம் ஜிப்சம் போட்டோம். வாய்க்கால் தண்ணீரைக் கட்டி நிற்க விட்டு, ஓடை நிறைந்து ஓடும் நாள் பார்த்து மடையைத் திறந்தோம்.

கறுப்புத் தேநீர் மாதிரி வந்தது தண்ணீர். நாலு பேரும் வரப்பில் வரிசையாக நின்று பார்த்தோம். வேறு வேலையே இல்லாதவர்கள் மாதிரி, ஓர் ஓடையைப் பார்ப்பது போல, எங்கள் உப்பு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒவ்வொரு முறை வடித்தபோதும் அண்ணன் ஒரு புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வருவான். சில நாள் நெட்டையனும் கூட வருவான். எங்கள் சுடர்மானியில் நீலச் சுடர் எரிந்துகொண்டிருக்கும். அதில் அந்தத் தண்ணீரைத் தெளிப்பேன். முதல் புட்டிக்குச் சுடர் பளீரென்று மஞ்சளாக மலர்ந்தது. "அதுதான் சோடியம்" என்றேன். நெட்டையன் வாய் திறந்தபடி பார்த்தான். "இவ்ளோ அழகாவா இருக்கும் அந்தச் சனியன்?" என்றான். அடுத்தடுத்த புட்டிகளில் மஞ்சள் மங்கிக்கொண்டே வந்தது. அந்த அறையில், அந்தச் சுடரின் வெளிச்சத்தில், இருவரும் தோள் இடித்துக்கொண்டு குனிந்து நிற்பார்கள். அண்ணன் குட்டை, நெட்டையன் நெட்டை. என் வேலைக்காலம் முழுவதிலிருந்தும் ஒரே ஒரு காட்சியைத் திரும்பப் பார்க்கக் கொடுத்துவைத்தால், அதைத்தான் கேட்பேன்.

பிறகு ஒரு நாள் அண்ணன் போன் செய்தான். "வயல்ல தண்ணி தெளிஞ்சிருக்கு" என்றான். "அடி தெரியுது. என் கால் விரல் தெரியுது."

நாற்றுக்கார அக்காவே நெல் நாற்று விட்டுக் கொடுத்தாள். உப்பு தாங்கும் வகை. இளசாக இல்லாமல் கொஞ்சம் முற்றிய நாற்று, குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக, நெருக்கமாக நட்டோம். முதல் போகம் சொட்டை விழுந்த தலை மாதிரிதான் இருந்தது. சில இடம் பச்சை, சில இடம் வெறுமை. அறுவடையைப் பார்த்து ஊர் சிரித்தது. அண்ணனும் சிரித்தான். வெறுமை விழுந்த இடங்களில் மட்டும் மறுபடி மண் எடுத்தோம், மறுபடி ஜிப்சம் போட்டோம். அறுத்த பிறகு பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூ விடும் முன் மடக்கி உழுதான். அடுத்த போகத்தில் சொட்டை சுருங்கியது. அதற்கடுத்த போகத்தில், கதிர் விளைந்து நின்ற வயலுக்குள் ஊர்க்காரர் ஒருவர் இறங்கி மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்துவிட்டு, "இது அந்த நிலமாடா?" என்று கேட்டதை அண்ணன் பல வருடங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதற்குள் எனக்கும் கல்யாணமாகி, வேலை மாற்றலாகி, தூரத்து நகரத்துக்கு வந்துவிட்டேன். இங்கே பெரிய ஆய்வகம், அமைதியான எந்திரங்கள், கண்ணாடிக் கதவுகள். சொட்டு எண்ணும் வேலையை எல்லாம் எந்திரமே பார்த்துக்கொள்கிறது. யாரும் ஸ்டூலிலிருந்து குதிப்பதில்லை.

நெட்டையன் இப்போது இல்லை. நெஞ்சு வலி வந்து, வயலிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்த வழியில் போய்விட்டான். நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணன் அழவில்லை. மறுநாள் விடியலில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடிகாலுக்குள் இறங்கி, புல்லைச் செதுக்க ஆரம்பித்தான். எங்கள் பக்கத்துக் கரையை முடித்துவிட்டு அவர்கள் பக்கத்துக் கரையையும் செதுக்கினான். அப்புறம்தான் மண்வெட்டியின் மேல் சாய்ந்துகொண்டு அழுதான். அக்கா கரை மேலே நின்றிருந்தாள். அவனை யாரும் தேற்றப் போகவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டோம்.

இரண்டு பக்கத்துக் கரையையும் செதுக்கும் அந்த வேலையை அவன் இன்னும் செய்துகொண்டிருக்கிறான். போன வாரம் அக்கா போனில் பேசினாள். புதிதாக ஒரு கிணறு வெட்டியிருக்கிறார்களாம். தண்ணீரைப் புட்டியில் அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டாள். அனுப்புங்கள் என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணனின் குரல் தூரத்தில் கேட்டது, மடைப்பலகையை யாரோ சரியாகப் போடவில்லை என்று ஏசிக்கொண்டிருந்தான்.

"யாரத் திட்றான்?" என்றேன்.

"யாரையும் இல்ல" என்றாள் அக்கா. "பக்கத்துல ஆளே இல்ல. அவருபாட்டுக்குப் பேசிக்கிட்டிருப்பாரு. நானும் கேட்டுக்கிட்டே நாத்துக்குத் தண்ணி ஊத்துவேன்."